முட்டையை எங்கே நிறுத்துவது?

ஷூ பேஸ்ட்ரியின் செய்முறையை நாலு இடத்தில் பார்த்தால் நாலு கணக்கு இருக்கும். 150 கிராம் மைதாவுக்கு ஒருவர் மூன்று முட்டை என்பார், இன்னொருவர் நான்கு என்பார், வேறொருவர் ஐந்து என்பார். மாட்டிக்கொள்ள விரும்பாதவர்கள் ‘4 அல்லது 5’ என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். மாவையும் வெண்ணெயையும் கிராம் சுத்தமாக எழுதத் தெரிந்தவர்களுக்கு முட்டையை மட்டும் எண்ணத் தெரியாதா என்று படிப்பவருக்கு எரிச்சல் வரும். ஆனால் இவர்களில் ஒருவரும் தப்பாக எழுதவில்லை. இந்த மாவில் எவ்வளவு முட்டை போகும் என்பதை அடுப்பிலிருந்து இறக்கிய பிறகுதான் சொல்ல முடியும். அதுவும் கடைசி முட்டையின் கடைசிக் கரண்டி உள்ளே போகும்போதுதான் உறுதியாகத் தெரியும்.

எந்தப் பண்டத்தைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை முதலில் தெளிவாக்கிவிடலாம். நம் ஊர் டீக்கடைகளில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் அடுக்கடுக்கான முட்டை பஃப்ஸ் வேறு. அது மாவையும் கொழுப்பையும் மடித்து மடித்துத் தேய்த்துச் செய்வது. இது கிரீம் பஃப், எக்லேர், ப்ரோஃபிட்ரோல் ஆகியவற்றின் ஓடு. மேலே பொன்னிறமாக, லேசாக, கையில் எடுத்தால் கனமே இல்லாமல் இருக்கும். உடைத்தால் உள்ளே ஒன்றுமே இருக்காது, வெறும் பொந்து. அந்தப் பொந்தில்தான் கிரீமை நிரப்புவார்கள். பிரான்ஸின் பேக்கரிகள் இந்த ஒரே மாவை வைத்துக்கொண்டு ஒரு குடும்பத்தையே நடத்துகின்றன. நீளமாகப் பிழிந்தால் எக்லேர். உருண்டைகளைக் காய்ச்சிய சர்க்கரையால் ஒட்டிக் கோபுரமாக எழுப்பினால் கல்யாண வீட்டின் க்ரோகம்பூஷ். பாலாடைக்கட்டியைத் துருவிப் போட்டுச் சுட்டால் பர்கண்டி பகுதியின் கூஷேர். பாரிஸிலிருந்து ப்ரெஸ்ட் நகரத்துக்குப் போய்த் திரும்பும் சைக்கிள் பந்தயம் 1891-இல் தொடங்கியது. அதன் நினைவாக மேஸோன்-லாஃபிட் என்ற ஊரைச் சேர்ந்த லூயி துராந் என்ற பேக்கரிக்காரர் 1910-இல் சக்கர வடிவில் பிழிந்து செய்ததுதான் பாரி-ப்ரெஸ்ட். பதினாறாம் நூற்றாண்டில் கத்தரீன் தெ மெதிச்சி இத்தாலியிலிருந்து மணமாகி வந்தபோது அவருடைய சமையற்காரர் இதைக் கொண்டுவந்தார் என்ற கதையைப் பலரும் சொல்வார்கள். கேட்க நன்றாக இருக்கும், ஆதாரம் கிடையாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மரி-அன்டுவான் கரேம் போன்ற பாரிஸ் சமையற்கலைஞர்கள் கையில் இது இன்றைய வடிவத்துக்கு வந்தது என்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

இந்த மாவில் ஈஸ்ட் கிடையாது, பேக்கிங் பவுடர் கிடையாது, சோடா உப்பும் கிடையாது. உப்ப வைப்பது முழுக்க முழுக்க நீராவி. தண்ணீர் ஆவியாகும்போது அதன் கன அளவு 1,600 மடங்குக்கு மேல் பெருகும். அந்த ஆவி வெளியே ஓடிவிடாமல் பிடித்துவைக்க இழுபடும் தன்மையுள்ள ஒரு சுவர் வேண்டும். அந்தச் சுவர் நன்றாக விரிந்த பிறகு அப்படியே இறுகி நிற்கவும் வேண்டும். ஆகவே மாவில் தண்ணீர் நிறைய இருக்க வேண்டும், அதே சமயம் பிழிந்த வடிவத்தில் நிற்கும் அளவுக்குக் கெட்டியாகவும் இருக்க வேண்டும். இந்த முரண்பாட்டைத் தீர்ப்பதற்காகத்தான் மாவை இரண்டு முறை வேக வைக்கிறார்கள், முதலில் அடுப்பில், பிறகு ஓவனில்.

ஓர் அளவை எடுத்துக்கொண்டு கூடவே போய்ப் பார்க்கலாம். தண்ணீர் 125 மில்லி, பால் 125 மில்லி, வெண்ணெய் 100 கிராம், மைதா 150 கிராம், உப்பும் சர்க்கரையும் ஒவ்வொரு டீஸ்பூன். முட்டைக்கு இப்போதைக்கு ‘200 முதல் 250 கிராம் வரை’ என்று மட்டும் குறித்துக்கொள்வோம். உப்புப் போட்ட வெண்ணெய்தான் கையில் இருக்கிறது என்றால் தனியாக உப்பு வேண்டாம். பால் சேர்ப்பது ஓட்டின் நிறத்துக்கும் ருசிக்கும். வெறும் தண்ணீரில் செய்தால் ஓடு கொஞ்சம் மொறுமொறுப்பாக வரும், அவ்வளவுதான் வித்தியாசம்.

வெண்ணெயைச் சின்னச் சின்னத் துண்டுகளாக நறுக்கித் தண்ணீர், பாலோடு சேர்த்து அடுப்பில் வைக்க வேண்டும். முழுக்கட்டியாகப் போட்டால் அது உருகி முடிவதற்குள் தண்ணீர் கொதித்து ஆவியாகிப் போய்க்கொண்டே இருக்கும். கணக்கு அங்கேயே தடுமாற ஆரம்பித்துவிடும். வெண்ணெய் முழுவதும் உருகும் நேரமும் கொதி வரும் நேரமும் ஒன்றாக இருக்க வேண்டும். நன்றாகத் தளதளவென்று கொதி வந்ததும் அடுப்பிலிருந்து இறக்கி, சலித்து வைத்த மைதாவை ஒரே மூச்சில் முழுவதும் கொட்டி, மரக்கரண்டியால் வேகமாகக் கிளற வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாகத் தூவினால் முதலில் விழுந்த மாவு வெந்து கட்டிதட்டிவிடும், பின்னால் விழுவதற்குத் தண்ணீர் மிஞ்சாது. பிள்ளையார் சதுர்த்திக்குக் கொழுக்கட்டை மேல்மாவு கிண்டியவர்களுக்கு இந்தக் கட்டம் பழகியதாகவே இருக்கும். கொதிக்கும் நீரில் மாவு விழுந்து, நொடிகளில் நீரைக் குடித்து, ஒன்றாகத் திரண்டு வரும். வேலை செய்யும் காரணமும் இரண்டிலும் ஒன்றுதான். பச்சை மாவில் இருக்கும் ஸ்டார்ச் மணிகள் குளிர்ந்த தண்ணீரை அதிகம் உள்ளே விடாது. சூடு ஏறினால் அவை வீங்கி, வெடித்து, தங்கள் எடையைப் போலப் பல மடங்கு நீரைப் பிடித்துக்கொள்ளும்.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு ஒரு கணக்கு. கடைசியில் நமக்குக் கிடைக்கப்போகும் மாவில் பாதிக்கும் மேலே தண்ணீர்தான் இருக்கும்: ஊற்றிய பால், தண்ணீர், முட்டையில் இருக்கும் நீர், வெண்ணெயில் இருக்கும் கொஞ்சம் நீர் என்று எல்லாம் சேர்த்து 400 கிராமைத் தொடும். 150 கிராம் பச்சை மைதாவில் அவ்வளவு நீரை ஊற்றினால் அது கரைசலாக ஓடும். வேக வைத்த மைதாவில் ஊற்றினால் பைப்பிங் பையில் நிரப்பிப் பிழியலாம்.

திரண்டு வந்த மாவைத் திரும்ப மிதமான அடுப்பில் வைத்துக் கிளறிக்கொண்டே காய வைக்க வேண்டும். பிரெஞ்சுக்காரர்கள் முட்டை சேராத இந்த மாவை ‘பனாட்’ என்கிறார்கள். சின்னக் கட்டமாகத் தெரிந்தாலும் முட்டைக் கணக்கு இங்கேதான் நிர்ணயமாகிறது. ஒன்றிரண்டு நிமிடத்தில் மாவு பாத்திரத்தின் பக்கவாட்டை விட்டு வந்து ஒரே உருண்டையாகச் சுழலும். அடியில் வெள்ளையாக மெல்லிய படலம் ஒட்டும். கரண்டியால் அழுத்தினால் லேசாகச் சிடுசிடுக்கும். மாவின் மேல் வெண்ணெய் மினுமினுப்பு தெரியும், ஆனால் எண்ணெய் பிரிந்து சொட்டக் கூடாது. தெர்மாமீட்டர் வைத்திருப்பவர்களுக்கு மாவின் நடுவில் 75 முதல் 80 டிகிரி காட்டும். நான்-ஸ்டிக் பாத்திரம் இதற்கு ஏமாற்றுக்காரன். அதில் அடியில் படலமே ஒட்டாது, ‘இன்னும் காயவில்லை போல’ என்று கிளறிக்கொண்டே இருப்போம், வெண்ணெய் கசிந்து பிரிந்துவிடும். கனமான எவர்சில்வர் அல்லது அலுமினியப் பாத்திரம் நல்லது.

இந்தக் காய்ச்சலில் எவ்வளவு தண்ணீர் போனது என்று கண்ணால் சொல்ல முடியாது. தராசு சொல்லும். வெறும் பாத்திரத்தை முதலிலேயே நிறுத்துக் குறித்துக்கொண்டால் போதும், பிறகு பாத்திரத்தோடு நிறுத்துக் கழித்துக்கொள்ளலாம். நம் அளவில் உள்ளே போனவை எல்லாம் சேர்ந்து சுமார் 510 கிராம். ஒருவர் உருண்டை திரண்டதுமே இறக்கிவிட்டார், அவருடைய மாவு 490 கிராம் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். இன்னொருவர் பொறுமையாக மூன்று நிமிடம் காய வைத்தார், அவருடையது 460 கிராம். இருவருக்கும் நடுவே 30 கிராம் தண்ணீர் வித்தியாசம். முட்டையில் முக்கால் பங்குதான் தண்ணீர். ஆகவே அந்த 30 கிராமை முட்டையால் ஈடுகட்ட 40 கிராம் முட்டை வேண்டும். நம் ஊர்க் கடையில் கிடைக்கும் முட்டை ஓட்டோடு 50, 55 கிராம் இருக்கும், ஓட்டை நீக்கினால் சுமார் 45 கிராம் தேறும். ஆக, ஒரே செய்முறை, ஒரே மாவு, ஒரே வெண்ணெய். ஒருவருக்கு நான்கு முட்டை போதும், அடுத்தவருக்கு ஏறத்தாழ ஐந்து வேண்டும். செய்முறை எழுதியவர்களின் குழப்பத்துக்குப் பதில் இங்கே இருக்கிறது. வெளிநாட்டுச் செய்முறை என்றால் இன்னொரு கூத்தும் சேரும். அவர்கள் ‘பெரிய முட்டை’ என்று எழுதுவது ஓடு நீங்கலாக 50 கிராம். எண்ணிக்கையை மட்டும் நம்பி நம் முட்டையைப் போட்டால் நாலு முட்டையில் 20 கிராம் குறையும்.

இரண்டு பேரில் யாருடைய ஓடு நன்றாக வரும்? இரண்டாமவருடையது. அவர் மாவில் வெறும் தண்ணீர் போன இடத்தில் முட்டை வந்து உட்கார்ந்திருக்கிறது. ஆவி எழுப்பத் தேவையான நீரும் அதில் இருக்கிறது, சூட்டில் இறுகிச் சுவரை நிறுத்தும் புரதமும் இருக்கிறது. மஞ்சள் கருவில் இருக்கும் லெசித்தின், வெண்ணெயையும் நீரையும் பிரிய விடாமல் சேர்த்துப் பிடிக்கிறது. அதனால்தான் அனுபவசாலிகள் மாவைக் காய வைப்பதில் கஞ்சத்தனம் காட்டுவதில்லை.

இனி முட்டை. அடுப்பிலிருந்து இறக்கிய மாவில் உடனே ஊற்றக் கூடாது. வெள்ளைக் கரு 62 டிகிரியை ஒட்டி இறுக ஆரம்பித்துவிடும், சூடான மாவில் விழுந்தால் துணுக்குத் துணுக்காக வெந்து நிற்கும். மாவை வேறு பாத்திரத்துக்கு மாற்றி, பரப்பி, அவ்வப்போது கிளறி ஆவி போகவிட வேண்டும். விரலை அழுத்தி வைத்துக்கொள்ள முடிகிற சூட்டுக்கு, அதாவது 50 டிகிரி அளவுக்கு வந்தால் சரி. அதற்காக முழுக்க ஆறவிடவும் கூடாது. ஆறினால் வெண்ணெய் இறுகி மாவு உள்ளதைவிடக் கெட்டியாகத் தெரியும். அந்தப் பொய்க் கெட்டியைப் பார்த்துக் கூடுதலாக முட்டையை ஊற்றிவிடுவோம். பதம் பார்க்கும்போது மாவு வெதுவெதுப்பாக இருக்க வேண்டும் என்பது இதனால்தான்.

முட்டைகளை உடைத்து ஒரு கிண்ணத்தில் வெள்ளையும் மஞ்சளும் கலக்கும்படி முட்கரண்டியால் அடித்துவைத்துக்கொள்வது உத்தமம். முழுமுழு முட்டையாகப் போட்டால் அரை முட்டையில் நிறுத்த முடியாது. அடித்துவைத்ததில் முதலில் கால் பங்கை ஊற்றிக் கிளறுங்கள். உடனே மாவு கலைந்துபோகும். திரண்டிருந்தது துண்டு துண்டாக உடைந்து, முட்டையில் வழுக்கிக்கொண்டு, கிண்ணத்துக்குள் நீச்சலடிக்கும். கெட்டுப்போய்விட்டது என்று முதல் தடவை செய்கிறவர்கள் பயப்படுவது இந்த நேரத்தில்தான். கையை நிறுத்தாமல் கிளறினால் ஒரு நிமிடத்துக்குள் துண்டுகள் முட்டையை உள்ளே இழுத்து, மறுபடியும் ஒட்டி, பசை போல ஆகிவிடும். முன்பைவிடக் கொஞ்சம் இளக்கம், கொஞ்சம் பளபளப்பு. அப்படி முழுசாகச் சேர்ந்த பிறகே அடுத்த பங்கு. ஒரேயடியாக எல்லாவற்றையும் ஊற்றினால் மாவுத் துண்டுகள் மிதக்கும், கரண்டிக்குப் பிடி கிடைக்காது, கட்டி உடையாது. அதைவிட முக்கியம், எங்கே நிறுத்த வேண்டும் என்பது தெரியாமலே போய்விடும்.

மூன்றாவது பங்குக்குப் பிறகு ஆட்டம் மாறுகிறது. இனி பங்கு கிடையாது, கரண்டிதான். ஒரு டேபிள்ஸ்பூன் ஊற்றுவது, நன்றாகக் கலப்பது, தூக்கிப் பார்ப்பது. கரண்டியில் மாவை அள்ளி உயர்த்துங்கள். பதம் வராத மாவு கரண்டியிலேயே கட்டியாக ஒட்டி நிற்கும், உதறினால் பொத்தென்று துண்டாக விழும், பிய்ந்த இடம் கரடுமுரடாக இருக்கும். இன்னொரு கரண்டி முட்டை சேர்த்தால் மெதுவாக இறங்கப் பார்க்கும், பாதியில் அறுந்துவிடும். இன்னும் ஒரு கரண்டி. இப்போது மாவு கனமாகக் கீழே இறங்கி, ஒரு பகுதி கிண்ணத்தில் விழ, மிச்சம் கரண்டியின் நுனியில் முக்கோணமாகத் தொங்கி நிற்கும். அந்த முக்கோணத்தின் ஓரம் வழுவழுப்பாக, பிசிறில்லாமல் இருக்கும். பிரெஞ்சு பேக்கரிகளில் இதைப் பறவை அலகு என்பார்கள். இதுதான் பதம். சந்தேகம் இருந்தால் விரலை எடுத்து மாவின் நடுவில் ஒரு கோடு இழுங்கள். கோட்டின் இரு கரையும் அசையாமல் நின்றால் இன்னும் முட்டை வேண்டும். மெல்ல மெல்லச் சரிந்து மூட முயன்றால் சரி. இழுத்த கோடு உடனே காணாமல் போனால் எல்லை தாண்டிவிட்டது.

ஒரு பேக்கிங் வகுப்பில் இந்தக் கட்டத்தைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். நடுத்தர வயதுப் பெண் ஒருவர் கையில் நான்காவது முட்டையோடு நின்றார். “மாஸ்டர், இதையும் போட்றட்டுமா? பேப்பர்ல நாலுன்னுதான் போட்டிருக்கு.” மாஸ்டர் பேப்பர் பக்கம் திரும்பவே இல்லை. “பேப்பருக்கு உங்க அடுப்பு தெரியுமாம்மா? கரண்டியத் தூக்குங்க.” தூக்கினார். மாவு ஏற்கெனவே முக்கோணமாகத் தொங்கியது. “முட்டைய கீழ வைங்க. நாளைக்கு ஆம்லெட் போட்டுக்கலாம்.”

ஏன் இவ்வளவு கறார் என்றால், இதில் திரும்பி வர வழி இல்லை. முட்டை குறைந்தால் சேர்க்கலாம், கூடினால் எடுக்க முடியாது. இளகிப்போன மாவில் இரண்டு கரண்டி மைதாவைப் போட்டுக் கலந்தால் கெட்டியாகும் என்று தோன்றும். அது பச்சை மாவு. வேகாத ஸ்டார்ச் நீரைப் பிடிக்காது, ஓடு கனத்து, மாவு வாடை அடிக்கும். ஒரே பரிகாரம்தான் உண்டு. பாதி அளவில் புதிதாகப் பனாட் கிண்டி, அதில் முட்டையே போடாமல், இளகிய மாவைக் கொஞ்சம் கொஞ்சமாக அதில் சேர்த்துப் பதத்துக்குக் கொண்டுவருவது. வேலை இரட்டிப்பு, பஃப்களும் கூடுதலாகக் கிடைக்கும், விருந்தாளிகளைக் கூப்பிட்டுக்கொள்ளலாம்.

பதமான மாவு ஓவனுக்குள் என்ன செய்கிறது? நெல்லிக்காயைவிடக் கொஞ்சம் பெரிதாக, மூன்று நான்கு சென்டிமீட்டர் அகலத்தில் பிழிந்து, இரண்டு மடங்கு விரிய இடம்விட்டு, 200 டிகிரிக்கு நன்றாகச் சூடேறிய ஓவனுக்குள் வைக்கிறோம். பிழியும்போது மேலே கூம்பு நின்றால் ஈர விரலால் தட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் நுனி கருகும். முதல் பத்து நிமிடத்தில் உள்ளிருக்கும் நீர் ஆவியாகி, மாவெங்கும் சின்னச் சின்னக் குமிழ்களாகப் பெருகுகிறது. வெளிப்புறம் இன்னும் இளகலாக இருப்பதால் அந்த அழுத்தத்துக்கு இடம் கொடுத்து விரிகிறது. உள்ளே குமிழ்களுக்கு நடுவே இருக்கும் மெல்லிய சுவர்கள் அழுத்தம் தாங்காமல் உடைந்து, சின்னப் பொந்துகள் ஒன்றோடொன்று சேர்ந்து ஒரே பெரிய பொந்தாகின்றன. அதே நேரம் வெளியிலிருந்து உள்நோக்கி முட்டையின் புரதம் இறுகிக்கொண்டு வருகிறது. விரிவது முதலில், இறுகுவது பின்னால் என்ற வரிசையில் நடந்தால் வெற்று ஓடு கிடைக்கும்.

கெட்டியான மாவில் இந்த வரிசை குலைந்துபோகும். சுவர் இழுபடாது, குமிழ்கள் சேராது. உருண்டை அதிகம் உப்பாமல், ஒரு பக்கம் வெடித்து வாய் பிளந்து நிற்கும். உடைத்தால் தடித்த சுவரும் உள்ளே வலைப்பின்னல் போல நாலைந்து சின்னப் பொந்துகளும் தெரியும். கிரீம் போக இடம் இருக்காது. இளகிய மாவில் நேர் எதிராக, ட்ரேயில் பிழிந்த உடனேயே பரவத் தொடங்கும். ஆவி வருகிறது, பிடிக்கச் சுவர் இல்லை. அப்பளம்போல் அகலமாக, தட்டையாக வெந்து வரும். ஆகவே ஓட்டை உடைத்துப் பார்த்தாலே எந்தப் பக்கம் தவறினோம் என்று அது சொல்லிவிடும்.

உப்பி நன்றாக எழும்பி, வெளியே எடுத்ததும் அமுங்கிப் போகிற பஃப் மூன்றாவது வகை. இதற்குப் பெரும்பாலும் முட்டைமேல் பழி போடுவார்கள். குற்றவாளி ஓவன் நேரம். மேலே பொன்னிறம் வந்ததும் வெந்துவிட்டது என்று எடுத்துவிடுகிறோம். பக்கவாட்டுச் சுவரில் ஈரம் இருக்கிறது. வெளிக்காற்று பட்டதும் உள்ளிருக்கும் ஆவி மறுபடி நீராகி அழுத்தம் குறைய, இறுகாத சுவர் உள்ளே சாய்கிறது. முதல் இருபது நிமிடம் ஓவன் கதவைத் திறக்கக் கூடாது என்பதற்கும் இதே காரணம். இருபது, இருபத்தைந்து நிமிடத்தில் நன்றாகச் சிவந்த பிறகு சூட்டை 170 டிகிரிக்குக் குறைத்து, இன்னும் பத்து, பதினைந்து நிமிடம் காயவிட வேண்டும். மடிப்புகளுக்குள்ளேகூட வெளிர்மஞ்சள் தெரியாமல் பழுப்பாக இருக்க வேண்டும். கையில் எடுத்தால் காற்றுப் போலக் கனமில்லாமல் இருக்கும். எடுத்ததும் ஒவ்வொன்றின் அடியிலும் கத்தி நுனியால் சின்ன ஓட்டை போட்டு, அணைத்த ஓவனுக்குள் கதவைக் கொஞ்சம் திறந்துவைத்துச் சில நிமிடம் விட்டால் உள்ளீரம் போய்விடும். அந்த ஓட்டையே பிறகு கிரீம் நிரப்பவும் உதவும்.

வீடுகளில் இருக்கும் ஓடிஜி ஓவனில் மேல் கம்பி மிக அருகில் இருப்பதால், உப்பி எழும் பஃப்பின் தலை கம்பியைத் தொடும் அளவுக்குப் போய்க் கருகும். கீழ்த் தட்டுக்கு ஒரு படி மேலே ட்ரேயை வைத்து, மேல் கீழ் இரண்டு கம்பிகளையும் போட்டுச் சுட்டால் பிரச்சினை இல்லை. மின்விசிறி ஓடும் கன்வெக்‌ஷன் முறை என்றால் 20 டிகிரி குறைத்துக்கொள்ளுங்கள், காற்று மேற்புறத்தைச் சீக்கிரம் காய வைத்து ஓட்டை வெடிக்கச் செய்யும். ட்ரேயில் வெண்ணெயைத் தாராளமாகத் தடவுவதும் வேண்டாம், வழுக்கலில் மாவு பரவிவிடும்; பட்டர் பேப்பர் போதும்.

முட்டை சேர்க்காமல் இதைச் செய்ய முடியாதா என்று கேட்பவர்கள் உண்டு. முட்டையில்லாச் செய்முறைகள் பல புழக்கத்தில் இருக்கின்றன. அவற்றில் எதையும் நான் சிபாரிசு செய்ய மாட்டேன். ஆவியை எழுப்பும் நீர், கொழுப்பைச் சேர்த்துப் பிடிக்கும் லெசித்தின், சுவரை இறுக்கும் புரதம் என்ற மூன்று வேலையையும் இங்கே ஒரே பொருள் செய்கிறது. அதை எடுத்துவிட்டு மாற்று தேடுவதைவிட, முட்டை சாப்பிடாத வீட்டுக்கு வேறு பலகாரம் செய்வது மேல்.

சுட்ட ஓடுகள் நன்றாக ஆறியதும் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு ஃப்ரீசரில் ஒரு மாதம்வரை வைக்கலாம். வேண்டியபோது எடுத்து 170 டிகிரியில் ஐந்தாறு நிமிடம் சூடாக்கினால் மொறுமொறுப்பு திரும்பிவிடும். கிரீமைப் பரிமாறும் நேரத்தில்தான் நிரப்ப வேண்டும், முன்னாலேயே நிரப்பினால் ஓடு ஈரத்தை இழுத்துச் சவசவத்துப் போகும். கடலோரத்து ஈரக்காற்றில் நிரப்பாத ஓடே வெளியில் வைத்தால் சில மணி நேரத்தில் நமுத்துவிடும்.

முதல் தடவை செய்கிறவர்கள் மேலே சொன்னதில் பாதி அளவு எடுங்கள்: தண்ணீரும் பாலும் சேர்ந்து 125 மில்லி, வெண்ணெய் 50 கிராம், மைதா 75 கிராம். நம் ஊர் முட்டை மூன்றை உடைத்து அடித்துவைத்தால் சுமார் 135 கிராம் இருக்கும். உங்கள் மாவு அதில் 100 முதல் 125 கிராம்வரை குடிக்கும். கிண்ணத்தில் மிஞ்சியதைத் தூரிகையால் பஃப்களின் தலையில் தடவிச் சுடுங்கள். மாவுக்குள் போன முட்டையின் எடையையும், மாவை அடுப்பில் எத்தனை நிமிடம் காய வைத்தீர்கள் என்பதையும் சமையல் நோட்டில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை உங்கள் அடுப்புக்கும் பாத்திரத்துக்கும் அந்த எண்தான் சரியான செய்முறை.